நிலுவை என்ற ஒரு சொல்: நுண்கடன் ஒப்பந்தத்தில் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் தமிழாக்குவது

மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் நிறுவனங்களின் தமிழ் ஒப்பந்தப் படிவங்களில் பின்வரும் வகையான ஒரு வாக்கியம் எங்காவது இருக்கும்: "தவணை செலுத்துவதில் தாமதம் ஏற்படும் பட்சத்தில் நிலுவைத் தொகையின் மீது மாதம் 2 சதவீதம் அபராத வட்டி விதிக்கப்படும்." இலக்கணப் பிழை இல்லாத, அலுவலகத் தமிழுக்குப் பழகிய எவரும் தடங்கலின்றிப் படித்துவிடக்கூடிய வாக்கியம் இது. ஆனால் இதைப் படித்தவரிடம், "ஒரு தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டினால் கூடுதலாக எத்தனை ரூபாய் ஆகும்?" என்று கேட்டால் உறுதியான விடை வராது. இந்த வாக்கியத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று மற்றொன்றைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

குழப்பத்தின் வேர் 'நிலுவை'யில் இருக்கிறது. ஆங்கில ஒப்பந்தத்தில் இரு வேறு கருத்துகளுக்கு இரு வேறு சொற்கள் உண்டு. கடனில் இன்னும் திருப்பிக் கட்டப்படாமல் இருக்கும் மொத்தத் தொகை ஒன்று. அதில் பெரும்பகுதிக்குக் கெடு நாளே இன்னும் வந்திருக்காது. கெடு நாள் கடந்தும் கட்டப்படாமல் நின்றுவிட்ட தொகை மற்றொன்று. முதலாவதை ஆங்கிலத்தில் அவுட்ஸ்டாண்டிங் என்றும், இரண்டாவதை ஓவர்டியூ என்றும் எழுதுகிறார்கள். தமிழாக்கும்போது இரண்டுமே 'நிலுவை' ஆகிவிடுகின்றன. அகராதிப்படி இதில் பிழை காண முடியாது. நிலுவை என்றால் செலுத்தப்படாமல் நிற்பது, இரண்டும் செலுத்தப்படாமல்தான் நிற்கின்றன. ஆயினும் ஒப்பந்தத்தில் கடன் வாங்கியவரின் பணம் இந்த வேறுபாட்டைத்தான் நம்பியிருக்கிறது.

இதைப் பற்றி விதி தெளிவாகவே இருக்கிறது. நுண்கடன்களுக்காக இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒழுங்குமுறை, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் தரப்படும் கடனை நுண்கடன் என்று வரையறுக்கிறது. தாமதத்துக்கான அபராதம் ஏதும் இருந்தால் அதைக் கெடு தவறிய தொகையின் மீது மட்டுமே கணக்கிட வேண்டும், முழுக் கடன் தொகையின் மீது கணக்கிடக் கூடாது என்பது அதில் உள்ள விதிகளுள் ஒன்று. கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகவே, ஆங்கிலப் படிவம் விதியை ஒழுங்காகப் பின்பற்றி எழுதப்பட்டிருந்தாலும், மொழிபெயர்ப்பாளர் 'நிலுவைத் தொகை' என்று எழுதிய அளவில், கையெழுத்துப் போடுபவரின் கையில் இருக்கும் தாள் விதி தடுத்ததையே அனுமதிப்பதாகப் படிக்கும்படி ஆகிவிடுகிறது.

ஒரு கடனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகை 40,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மீதமுள்ள அசலுக்கு மட்டும். 24 மாதத் தவணை. மாதத் தவணை 2,115 ரூபாய் வரும். முதல் மாதத்தில் இந்த 2,115 ரூபாயில் 800 ரூபாய் வட்டிக்குப் போகிறது, 1,315 ரூபாய் அசலில் கழிகிறது. இரண்டாம் மாதம் அசல் 38,685 ரூபாயாகக் குறைந்துவிடுவதால் வட்டி 774 ரூபாய்தான். இப்படியே ஒன்பது தவணைகள் ஒழுங்காகக் கட்டியபின் மீதி அசல் ஏறத்தாழ 27,173 ரூபாயாக இருக்கும்.

பத்தாவது தவணை தவறுகிறது. அடுத்த மாதம்தான் கட்ட முடிகிறது. மேலே கண்ட வாக்கியத்தில் உள்ள நிலுவையைக் கெடு தவறிய தவணை என்று கொண்டால் 2,115 ரூபாய்க்கு 2 சதவீதம், அதாவது 42 ரூபாய். அதையே மீதியுள்ள கடன் என்று கொண்டால் 27,173 ரூபாய்க்கு 2 சதவீதம், அதாவது 543 ரூபாய். அந்த மாதத்துக்கான வழக்கமான வட்டியும் சரியாக 543 ரூபாய்தான் என்பதைக் கவனிக்கலாம். அதாவது தவறான பொருளில் படித்தால், முழுக் கடனுக்கும் ஒரு மாத வட்டியை இரண்டாம் முறை வாங்குவதற்குச் சமமாகிறது. மாதத்துக்குச் சில ஆயிரங்களில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, இத்தகைய தொகை ஒரு சொல்லின் இரட்டைப் பொருளால் வந்து சேரக் கூடாது.

இதற்கு மாற்றாக எதை எழுதுவது? கெடு தவறிய தொகைக்கு 'காலங்கடந்த தொகை', 'தவணை கடந்த நிலுவை' போன்ற ஆக்கங்கள் வங்கிப் படிவங்களில் உள்ளன. அவை பொருளளவில் சரியானவையே என்றாலும் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழுக் கடன் வாங்கும் பெண்கள் தவணையை 'டியூ' என்றுதான் சொல்கிறார்கள். "இந்த மாச டியூ கட்டியாச்சு", "ரெண்டு டியூ நிக்குது" என்பவை அன்றாடப் பேச்சு. இரண்டாவது தொடரைக் கவனித்தால் நாம் தேடிய வேறுபாடு மக்களின் வாயிலேயே இருக்கிறது: நிற்பது டியூ, கடன் அல்ல. ஆகவே 'கெடு நாளில் கட்டாமல் நின்ற தவணை' என்று எழுதி, ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே "தவணை என்பது நீங்கள் மாதந்தோறும் கட்டும் டியூ" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். மற்றொரு கருத்துக்கு 'இன்னும் கட்ட வேண்டிய மீதி அசல்' என்பதைக் கையாளலாம். 'நிலுவை' என்ற சொல்லை ஒப்பந்தம் முழுவதிலும் ஓரிடத்தில்கூடப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். ஒரு பொருளில் மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கடன் வசூலிக்க வருபவர் வாய்மொழியாக அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்வார் என்பது மொழிபெயர்ப்பாளரின் கையில் இல்லை.

அந்த வாக்கியத்தில் அடுத்த சிக்கல் 'அபராத வட்டி'. நீண்ட காலமாக வங்கிகள், தவணை தவறினால் வட்டி வீதத்தையே கூட்டிவிடும் வழக்கத்தை வைத்திருந்ததால், இந்தச் சொல் பழைய படிவங்களில் ஊறிப்போயிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதை மாற்றியது. தவணை தவறியதற்காக விதிப்பது தனிக் கட்டணமாக இருக்க வேண்டும், வட்டி வீதத்தோடு சேர்க்கும் கூடுதல் வட்டியாக இருக்கக் கூடாது. அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்குப் பின் 'அபராத வட்டி' என்று எழுதுவது பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்ததாக மட்டும் நிற்பதில்லை. வட்டி என்றால் அது வளரும், வட்டிக்கும் வட்டி உண்டு என்பது ஊரறிந்த கணக்கு. அப்படி வளரக் கூடாது என்று விதி சொல்லும் ஒன்றுக்கு, வளர்வதையே இயல்பாகக் கொண்ட ஒரு பெயரை வைப்பதாகிவிடுகிறது.

வெறும் 'அபராதம்' என்றும் எழுதலாம். ஆனால் சுயஉதவிக் குழுக்களில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் அல்லது சொல்லாமல் வராவிட்டால் உறுப்பினர் குழுவுக்குக் கட்டும் சிறு தொகைக்கும் அபராதம் என்றுதான் பெயர். அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, குழுவின் பொது நிதியில் சேரும். நிறுவனம் வாங்கும் தொகைக்கும் அதே பெயரை வைத்தால், பணம் யாருக்குப் போகிறது என்பது மங்கிவிடுகிறது. வசூல் நாளில் இரண்டையும் ஒருவரே வாங்கும்போது இது இன்னும் மோசமாகும். 'தாமதக் கட்டணம்' என்பது இந்த இடத்துக்குப் பொருந்தும். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. கட்டணம் என்பதால் ஒருமுறை கட்டினால் முடிந்தது என்ற பொருளும் வந்துவிடுகிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தாமதக் கட்டணம் 42 ரூபாய் என்றால் கூடுதல் செலவு அதோடு முடிந்துவிடுவதில்லை. பத்தாவது தவணையில் அசலாகக் கழிய வேண்டிய 1,572 ரூபாய் கழியாமல் ஒரு மாதம் நின்றிருக்கிறது. அதற்கு மாதம் 2 சதவீத வழக்கமான வட்டி ஓடும், ஏறத்தாழ 31 ரூபாய். ஒப்பந்தம் கட்டாத வட்டியையும் அசலோடு சேர்க்குமானால் இது சற்றுக் கூடும். வழக்கமான வட்டியைக் கூட்டு வட்டியாகக் கணக்கிடும் நடைமுறையை 2023 சுற்றறிக்கை தொடவில்லை. "தாமதக் கட்டணத்துக்கு வட்டி இல்லை" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், 42 ரூபாய் என்று நம்பிய பெண்ணிடம் 73 ரூபாய் கேட்கும்போது, தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. இரண்டையும் இரண்டு வாக்கியங்களாக, அடுத்தடுத்து எழுதிவிட வேண்டும்.

மேற்கண்ட வாக்கியத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"ஒரு தவணையைக் கெடு நாளில் நீங்கள் கட்டாவிட்டால், நிறுவனம் உங்களிடம் தாமதக் கட்டணம் வாங்கும். கட்டாமல் நின்ற தவணைக்கு மட்டுமே இந்தக் கட்டணம். மீதியுள்ள கடனுக்கு இல்லை. நின்ற தொகையில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மாதம் 2 ரூபாய் கட்டணம். எடுத்துக்காட்டு: 2,115 ரூபாய்த் தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டினால் தாமதக் கட்டணம் 42 ரூபாய். இந்த 42 ரூபாயை நிறுவனம் கடனோடு சேர்க்காது. அதற்கு வட்டியும் போடாது. ஆனால் கட்டாமல் நின்ற அசலுக்கு, நின்ற நாட்களுக்கான வழக்கமான வட்டி தனியாக உண்டு."

பழைய வாக்கியம் பதினான்கு சொற்களில் முடிந்தது. இது அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். நீளம் கூடிவிட்டதே என்று சட்டப் பிரிவினர் குறைப்படுவது வழக்கம். ஆனால் இந்த ஒப்பந்தத்தைப் பெரும்பாலானோர் கண்ணால் படிப்பதில்லை. குழுக் கூட்டத்தில் யாரோ ஒருவர் வாசிக்கக் காதால் கேட்கிறார்கள். காதால் கேட்பவரால் முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியாது. 'பட்சத்தில்', 'மீது', 'விதிக்கப்படும்' என்று ஒரே மூச்சில் போகும் வாக்கியத்தில் எது எதற்குரியது என்பதை அவர் பிரித்துக் கேட்பது அரிது. தமிழில் பெயரெச்சத் தொடர்கள் பெயருக்கு முன்னால் வந்து குவிவதால், ஆங்கிலத்தின் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே வாக்கியமாகவே தமிழாக்கினால், எதன் மேல் கட்டணம் என்பது வாக்கியத்தின் நடுவில் புதைந்துவிடுகிறது. உடைத்து எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை.

'விதிக்கப்படும்' என்ற செயப்பாட்டு வினையை 'நிறுவனம் வாங்கும்' என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. யார் வாங்குகிறார்கள் என்பது மறைந்திருந்தால், குழுத் தலைவியோ வசூலுக்கு வருபவரோ தம் விருப்பப்படி வாங்குவதற்கும் அது மறைப்பாகிவிடும். அதேபோல 'கடனாளி' என்ற சொல்லையும் தவிர்த்திருக்கிறேன். சட்டத் தமிழில் அது கடன் பெற்றவர் என்று மட்டுமே பொருள்பட்டாலும், ஊரில் கடனாளி என்றால் கடனில் மூழ்கியவர் என்று பொருள். தன்னைக் கடனாளி என்று சொல்லும் தாளை எந்தப் பெண்ணும் வீட்டில் எடுத்து வைத்துப் பார்க்க விரும்ப மாட்டார். 'நீங்கள்' என்று நேராக விளித்துவிட்டால் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

காலக் கணக்கிலும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ஆங்கிலப் படிவங்களில் வரும் "ஒரு மாதம் அல்லது அதன் பகுதிக்கு" என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், பகுதி மாதத்துக்குப் பகுதிக் கட்டணம் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். உண்மையில் அதன் பொருள் நேர் எதிரானது: ஒரு நாள் தாமதமானாலும் முழு மாதக் கட்டணம். நமது கடனில் பன்னிரண்டு நாள் தாமதத்துக்கு நாள் கணக்குப் பார்த்தால் 17 ரூபாய். பகுதி மாதத்தை முழு மாதமாகக் கொண்டால் 42 ரூபாய். ஒப்பந்தம் இரண்டில் எதைச் சொல்கிறதோ அதை "ஒரு நாள் தாமதமானாலும் ஒரு மாதக் கட்டணம் முழுவதும் உண்டு" என்றோ, "எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாளுக்கு மட்டும் கட்டணம்" என்றோ வெளிப்படையாக எழுத வேண்டும்.

இனி வட்டிக்கு வருவோம். இங்கே மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வாய்ப்பும் ஓர் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ்நாட்டில் வட்டி பேசும் முறை ஆண்டுச் சதவீதத்தில் இல்லை. நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு எத்தனை ரூபாய் என்பதில் இருக்கிறது. 'ஒரு ரூபாய் வட்டி' என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், 'இரண்டு ரூபாய் வட்டி' என்றால் 24, 'மூன்று ரூபாய் வட்டி' என்றால் 36. சதவீதம் என்ற சொல் தெரியாதவர்கூட இந்தக் கணக்கை மனத்தாலேயே போட்டுவிடுவார். ஆகவே "ஆண்டுக்கு 24 சதவீதம், அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் வட்டி" என்று எழுதுவது மிகப் பயனுள்ளது.

ஆனால் எந்த நூறு ரூபாய்க்கு என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. ஊரில் கைமாற்றாக வாங்கும் இரண்டு ரூபாய் வட்டிக் கடனில் மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டி, அசலை ஒரே தடவையாகத் திருப்பித் தருவது வழக்கம். அசல் குறையாததால் வட்டியும் குறையாது. தவணைக் கடனில் அசல் மாதந்தோறும் கரைகிறது. கரைந்த பின்னும் தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போட்டால் நிலைமை வேறு. நமது 40,000 ரூபாய்க்கு அந்த முறையில் இரண்டு ஆண்டுக்கு வட்டி 19,200 ரூபாய், மாதத் தவணை 2,467 ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி 10,760 ரூபாய்தான். இரண்டையும் '24 சதவீதம்' என்று எழுத முடியும். இரண்டையும் 'இரண்டு ரூபாய் வட்டி' என்று சொல்ல முடியும். இடையில் உள்ள வேறுபாடு 8,440 ரூபாய்.

இந்த இரு முறைகளுக்கும் தமிழில் வழங்கும் பெயர்கள் உதவுவதில்லை, சில வேளை கெடுக்கவும் செய்கின்றன. ஆங்கிலத்தில் ஃபிளாட் எனப்படும், முழுத் தொகைக்கே வட்டி போடும் முறையைச் சிலர் 'நிலையான வட்டி' என்று எழுதுகிறார்கள். ஆனால் கடன் காலம் முழுவதும் வீதம் மாறாது என்ற வேறொரு கருத்துக்கும் அதே பெயர்தான். 24 சதவீதம் என்ற வீதம் மாறாமல், மீதி அசலுக்கு மட்டும் போடப்படும் நமது கடனும் அந்தப் பொருளில் நிலையான வட்டிக் கடன்தான். மறுபுறம், மீதி அசலுக்கு வட்டி போடும் முறைக்குச் சொல்லப்படும் 'குறையும் வட்டி'யைக் கேட்டால், 24 சதவீதம் போகப் போக 22, 20 என்று குறையும் என்று தோன்றும். 'குறையும் இருப்பு' என்று எழுதினாலும் சிக்கல் தீராது. வங்கிப் புத்தகத்தில் இருப்பு என்றால் தன் கணக்கில் உள்ள பணம் என்றுதான் அவருக்குப் பழக்கம். ஆகவே பெயர் வைப்பதை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்வதே நல்லது: "நீங்கள் அசல் கட்டக் கட்ட, மீதியுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. வட்டி வீதம் மாறாது. வட்டி ரூபாய் மாதாமாதம் குறையும்." இதற்கு அடியில் முதல் மாதம் 800, இரண்டாம் மாதம் 774 என்று முதல் சில மாதங்களின் கணக்கையும் கொடுத்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

கையில் வரும் தொகையும் வட்டிப் பகுதியைச் சேர்ந்ததுதான், படிவங்களில் அது வேறு பக்கத்தில் இருந்தாலும். நமது கடனில் பரிசீலனைக் கட்டணம் ஒரு சதவீதம், அதாவது 400 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 72 ரூபாய். காப்பீட்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் போகக் கையில் வருவது 38,928 ரூபாய். ஆனால் வட்டி 40,000 ரூபாய்க்கு ஓடுகிறது. இந்தப் பிடித்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆண்டுச் செலவு ஏறத்தாழ 26.9 சதவீதம். ஆங்கிலத்தில் ஏபிஆர் எனப்படும் இந்த எண்ணை ஒவ்வொரு நுண்கடனுக்கும் எளிய விவரத்தாளில் தர வேண்டும் என்பது 2022 ஒழுங்குமுறையின் கட்டளை. சில்லறைக் கடன்கள் அனைத்துக்குமான முக்கிய விவர அறிக்கை 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது. விவரத்தாளில் சொல்லாத எந்தக் கட்டணத்தையும் வாங்கக் கூடாது.

தமிழ்ப் படிவங்களில் இது பெரும்பாலும் 'ஆண்டு சதவீத விகிதம்' என்று வருகிறது. மூன்றும் தமிழில் வழங்கும் சொற்களே. சேர்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு மேல் வரியில் 'ஆண்டு வட்டி விகிதம் 24 சதவீதம்' என்றும், கீழே இது 26.9 என்றும் இருந்தால், இரண்டில் எது தன் வட்டி என்று அவர் எப்படி அறிவார்? "பிடித்தங்கள் எல்லாம் சேர்த்து உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு: ஆண்டுக்கு 26.9 சதவீதம். அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் 24 காசு" என்று எழுதலாம். காப்பீடு போன்றவற்றை எடுப்பது கடன் வாங்குபவரின் விருப்பம் என்பதும் விதியே. அதை ஒப்பந்தத்தின் ஒரு மூலையில் சொல்லாமல் 600 ரூபாய் என்று எழுதிய அதே வரியில், "வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு" என்று சேர்ப்பது நேர்மை. முன்கூட்டியே கடனைக் கட்டி முடித்தால் அதற்கு அபராதம் எதுவும் கிடையாது என்பதும் அதே ஒழுங்குமுறையில் உள்ளது. தாமதக் கட்டணத்துக்கு அடுத்த வரி அதற்கு ஏற்ற இடம்.

சுயஉதவிக் குழுவின் வழியாக வரும் கடனில் ஒரு கூடுதல் அடுக்கு உண்டு. வங்கி கடன் தருவது குழுவுக்கு. குழு தன் உறுப்பினருக்கு உள்கடனாகக் கொடுக்கிறது. வங்கியின் வட்டி ஒன்றாகவும், குழு தீர்மானம் போட்டு உறுப்பினரிடம் வாங்கும் வட்டி வேறாகவும் இருக்கலாம். மிகுதி குழுவின் பொது நிதிக்குச் சேரும். வங்கி ஒப்பந்தத்தை மட்டும் தமிழாக்கி உறுப்பினர் கையில் கொடுத்தால், அதில் உள்ள வட்டி தனக்குரியது என்று அவர் எண்ணிவிடக் கூடும். "இது வங்கி குழுவிடம் வாங்கும் வட்டி, உங்களிடம் குழு வாங்கும் வட்டி தீர்மானப் புத்தகத்தில் உள்ளது" என்ற ஒரு வரி இங்கே அவசியம்.

மூல ஆங்கிலப் படிவமே தெளிவில்லாமல் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்பது நடைமுறையில் அடிக்கடி எழும் கேள்வி. தாமதக் கட்டணம் 'டியூஸ்' மீது என்று மட்டும் எழுதியிருந்தால், அது நின்ற தவணையா, மீதிக் கடன் முழுவதுமா என்று ஆங்கிலத்திலும் தெரியாது. அப்போது நல்லெண்ணத்தோடு நின்ற தவணை என்று தாமாகவே எழுதிவிடுவது ஆபத்தானது. நிறுவனத்தின் கணினி வேறு விதமாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கலாம். கணினி கணக்கிடும் முறையை எழுத்தில் கேட்டு, 40,000 ரூபாய்க் கடனில் பத்தாவது தவணை ஒரு மாதம் தாமதமானால் எத்தனை ரூபாய் என்று ஒரு விடையை வாங்கிய பின்பே அந்த வரியை எழுத வேண்டும். விடை 543 என்று வந்தால், அதை அழகான தமிழில் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. விதிக்கு முரண் என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் வேலை.

ஒப்பந்தத்தின் கடைசியில் வரும் "இரு மொழிப் படிவங்களுக்கிடையே முரண் இருந்தால் ஆங்கிலமே செல்லும்" என்ற வரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். புரியும் மொழியில் ஒப்பந்தம் என்ற விதியைப் பொருளற்றதாக்கும் வரி அது. குறைந்தது வட்டி, கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தமிழ்ப் படிவமே செல்லும் என்று மாற்றும்படி கேட்கலாம்.

வரைவு முடிந்தபின் அதைச் சோதிக்க, மூன்று கேள்விகளே போதும். ஒப்பந்தத்தை எழுதியவர் அல்லாத ஒருவர், கடன் வாங்கும் வகையைச் சேர்ந்த ஐந்தாறு பெண்களுக்கு அதை ஒரே ஒரு முறை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு தனித்தனியாகக் கேட்க வேண்டும்: உங்கள் கைக்கு எவ்வளவு வரும்? எல்லாத் தவணையும் கட்டி முடித்தால் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள்? ஒரு தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டினால் தாமதக் கட்டணம் எவ்வளவு? "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது, கூட்டத்தில் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். விடை ரூபாயில் வர வேண்டும். 38,928, 50,760, 42 என்பவற்றுக்கு அருகில் சொன்னால் வரைவு சரி. மூன்றாவது கேள்விக்கு ஒருவராவது ஐந்நூறு என்று சொன்னால், அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு நகரக் கூடாது; எந்தச் சொல் அவரை அங்கே கொண்டுபோனது என்று கேட்டு அந்தச் சொல்லை மாற்ற வேண்டும்.

கையெழுத்துக்கு மேலுள்ள உறுதிமொழியும் உண்மையைச் சொல்ல வேண்டும். "படித்துப் புரிந்துகொண்டேன்" என்பதற்குக் கீழே பெருவிரல் ரேகை இருந்தால் அந்த உறுதிமொழிக்கு மதிப்பில்லை. "எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள்; கேட்டுப் புரிந்துகொண்டேன்" என்று தனி வரி வேண்டும், படித்துக் காட்டியவரின் பெயரும் கையெழுத்தும் அதன் அருகிலேயே வேண்டும்.

மாதந்தோறும் அவர் கையில் இருக்கப்போவது ஒப்பந்தம் அல்ல, கடன் அட்டை. ஒவ்வொரு தவணைக்கும் வரவு எழுதப்படுவது அதில்தான். ஒப்பந்தத்தில் 'தாமதக் கட்டணம்' என்று கவனமாக எழுதிவிட்டு அட்டையில் 'இதர' என்ற தலைப்பின் கீழ் 42 ரூபாயை எழுதினால் முன்பு பட்ட பாடு அத்தனையும் வீண். அசல், வட்டி, தாமதக் கட்டணம், மீதி அசல் என்று ஒப்பந்தத்தில் உள்ள அதே சொற்களே அட்டையின் கட்டங்களுக்கும் தலைப்பாக இருந்தால், பதினோராம் மாதம் 543 என்று யாராவது எழுதினால் அது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவரே விரல் வைத்துக் காட்டிக் கேட்கலாம்.